சூளையின் வெப்பத்தை அளக்க, பெட்டியின் வெப்பம் ஏன் தெரிய வேண்டும்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் சூளையில் நாற்பது அகல்விளக்குகள் வீணாகின. உபி தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் நாங்கள் நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் பட்டறை அது. சூளை சிறியது. 230 வோல்ட்டில் இரண்டரை கிலோவாட் இழுக்கும். விளக்குகளைச் செய்தவர் எங்களில் மூத்தவரான அக்கா. சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்தவன் நான். மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது மெருகுப்பூச்சு உருகி வழிந்து, விளக்குகள் தட்டோடு ஒட்டிக் கிடந்தன.

என் பெட்டியின் பதிவைப் பார்த்தேன். 1000 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, பத்து நிமிடம் அங்கேயே நின்று, அணைந்திருந்தது. சொன்னதைச் செய்திருக்கிறது. ஆனால் அக்கா பழைய ஆள். விளக்குகளுக்கு நடுவே இரண்டு சாட்சிக் கூம்புகளை நிறுத்தி வைத்திருந்தார். குறிப்பிட்ட வெப்பத்தில் தலைசாயும்படி செய்யப்பட்ட சிறு பீங்கான் கூம்புகள் அவை. 06 என்ற எண்ணுள்ள கூம்பு ஏறத்தாழ 1000 டிகிரியில் வளையும். 05 வளைய ஏறத்தாழ 1030 டிகிரி வேண்டும். இரண்டுமே வளைந்து கிடந்தன.

"தம்பி, கூம்பு பொய் சொல்லாது. உன் பெட்டிதான் சொல்கிறது" என்றார்.

அவர் சொன்னது சரி. என் பெட்டி ஏறத்தாழ 28 டிகிரி குறைத்துச் சொல்லியிருந்தது. அந்த 28 எங்கிருந்து வந்தது என்று விளக்கினாலே தெர்மோகப்பிளைப் பற்றி அடிப்படையாக அறிய வேண்டியதில் பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

மாடி எண்ணும் கருவி

தெர்மோகப்பிள் என்பது இருவேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் பற்றவைத்தது; அவ்வளவுதான். சூளைகளில் பெரும்பாலும் கே வகை பயன்படுகிறது. அதன் நேர்க்கம்பி குரோமெல், நிக்கலும் குரோமியமும் கலந்தது. எதிர்க்கம்பி அலுமெல், நிக்கலோடு சிறிது அலுமினியமும் மாங்கனீசும் சிலிக்கானும் சேர்ந்தது. பற்றவைத்த முனையைச் சூளைக்குள் நீட்டி, மறுமுனைகள் இரண்டையும் வெளியே வைத்தால், அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். 1821ஆம் ஆண்டில் தாமஸ் யோஹான் சீபெக் கண்டறிந்த விளைவு இது.

பலரும் இந்த மின்னழுத்தம் பற்றவைத்த முனையில் பிறப்பதாக நினைக்கிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது கம்பியின் நீளம் முழுவதிலும், எங்கெல்லாம் வெப்பம் ஏறி இறங்குகிறதோ அங்கெல்லாம் சிறிது சிறிதாகச் சேர்கிறது. சூளைக்குள் ஒரே வெப்பத்தில் இருக்கும் கம்பித்துண்டு எதையும் தருவதில்லை. சூளைச் சுவரைத் துளைத்து வெளிவருகிற அந்த ஒரு சாண் தூரத்தில்தான் வெப்பம் நூற்றுக்கணக்கான டிகிரி சரிகிறது. மின்னழுத்தத்தின் பெரும்பகுதி அங்கேதான் சேர்கிறது. குரோமெலில் சேர்வது ஒரு அளவு, அலுமெலில் சேர்வது வேறொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நமக்குக் கிடைக்கும் மின்னழுத்தம். கே வகையில் அது ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் 41 பங்கு.

ஆகவே தெர்மோகப்பிள் வெப்பத்தை அளப்பதில்லை, இரண்டு இடங்களின் வெப்பநிலை வேறுபாட்டை அளக்கிறது. நம் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒருவர் படியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பத்து மாடி ஏறினேன்" என்று தொலைபேசியில் சொல்கிறார். அவர் எந்த மாடியில் நிற்கிறார்? வெற்றுத்தளத்திலிருந்து புறப்பட்டாரா, மூன்றாம் மாடி நண்பர் வீட்டிலிருந்து புறப்பட்டாரா என்று தெரியாமல் சொல்ல முடியாது. தெர்மோகப்பிளும் அப்படித்தான்: எத்தனை ஏறினேன் என்று மட்டும் சொல்லும். புறப்பட்ட மாடியை வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கம்பிகளின் மறுமுனைகள் அளவுக்கருவியில் சேரும் இடம்தான் புறப்பட்ட மாடி. அதற்குக் குளிர்ச்சந்தி என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். சிங்கப்பூரில் பிற்பகலில் குளிரூட்டி இல்லாத பட்டறையில் அது 33 டிகிரியில் இருக்கும். பெட்டிக்குள் இன்னும் கூடும். சூளைக்குள் இருக்கும் முனையோடு ஒப்பிட்டால்தான் குளிர்.

கொதிநீரில் ஒரு கணக்கு

பழைய ஆய்வகங்களில் குளிர்ச்சந்தியை உருகும் ஐஸில் மூழ்கடித்து வைப்பார்கள். புறப்படும் மாடி எப்போதும் பூஜ்யம் என்றாகிவிடும், கணக்கு எளிது. இன்றைக்கும் தெர்மோகப்பிள் அட்டவணைகள் அந்தப் பூஜ்ய டிகிரியை அடிப்படையாகக் கொண்டே அச்சிடப்படுகின்றன. கே வகை அட்டவணையில் 30 டிகிரிக்கு 1.203 மில்லிவோல்ட், 100 டிகிரிக்கு 4.096 மில்லிவோல்ட்.

இப்போது முனையைக் கொதிக்கும் நீரில் வைக்கிறோம். மறுமுனைகள் 30 டிகிரியில் உள்ள அறையில் இருக்கின்றன. கிடைப்பது 4.096 கழித்தல் 1.203, அதாவது 2.893 மில்லிவோல்ட். இந்த எண்ணை அப்படியே அட்டவணையில் தேடினால் 71 டிகிரி என்று வரும். கண்ணெதிரே நீர் கொதிக்கிறது, கருவி 71 என்கிறது. குளிரூட்டியைப் போட்டு அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதே நீர் இன்னும் ஆறு டிகிரி கூடுதல் சூடாகிவிட்டதாகச் சொல்லும்.

இதைச் சரிசெய்வதுதான் குளிர்ச்சந்தி ஈடு. மறுமுனைகள் இருக்கும் இடத்தின் வெப்பத்தை வேறொரு சாதாரண வெப்ப உணரியால் அளக்கிறோம்: 30 டிகிரி. அட்டவணையில் அதற்குரிய 1.203 மில்லிவோல்ட்டை எடுத்து, கிடைத்த 2.893 உடன் கூட்டுகிறோம். 4.096 வருகிறது. அட்டவணையைப் பார்த்தால் 100 டிகிரி.

கூட்ட வேண்டியது மின்னழுத்தங்களை என்பதைக் கவனியுங்கள். சோம்பேறித்தனமாக 71 உடன் 30 ஐக் கூட்டினால் 101 வரும். ஒரு டிகிரி பிழைதான் என்று தோன்றும். கே வகையின் மைக்ரோவோல்ட் கணக்கு எல்லா வெப்பத்திலும் ஒரே அளவாக இல்லாததால் வரும் பிழை அது. கொதிநீரில் ஒரு டிகிரியாக இருப்பது சூளையின் உச்சத்தில் பலமடங்காகும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெருக்கிப் பலகை என்ன செய்கிறது

சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளக்கிறது என்றால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். கே வகைக்கு அது கிட்டத்தட்ட 119 டிகிரி! நேரடியாக இணைத்தால் கொதிநீரும் குளிர்நீரும் ஒன்றாகவே தெரியும். அதனால் இடையில் ஒரு பெருக்கி வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் சிறு பலகைகளில் பெருக்குவது, எண்ணாக மாற்றுவது, குளிர்ச்சந்தி ஈடு செய்வது எல்லாவற்றையும் ஒரே சிப் செய்துவிடுகிறது.

மிக மலிவானது MAX6675. இது 1024 டிகிரிக்குக் கீழேதான் படிக்கும். பீங்கான் சூளைக்கு அதுவே போதாது. அதைவிட எனக்கு உறுத்தும் குறை, தான் அளந்த குளிர்ச்சந்தி வெப்பத்தை அது வெளியே சொல்வதில்லை. நான் பயன்படுத்துவது MAX31855. கே வகைக்கென உள்ள சிப் 1350 டிகிரி வரை படிக்கும், கால் டிகிரிப் படிகளில் சொல்லும், குளிர்ச்சந்தி வெப்பத்தையும் தனியே தரும், கம்பி அறுந்தால் பிழை என்று கூறும். சிப் 3.3 வோல்ட்டில் இயங்குவது. 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலருடன் இணைப்பதானால் மின்னழுத்த மாற்றி உள்ள பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பலகையில் `T+`, `T-` என்று இரண்டு திருகு முனைகள் இருக்கும். தெர்மோகப்பிள் கம்பிகள் அங்கே வந்து சேர்கின்றன. அந்தத் திருகுகள்தாம் நம் குளிர்ச்சந்தி.

ஒவ்வொரு முறையும் சிப் 32 பிட்டுகளை அனுப்புகிறது. மேல் பாதியில் சூளை வெப்பம், கீழ்ப் பாதியில் சிப்பின் சொந்த வெப்பம், இடையில் ஒரு பிழைக் கொடி. பிரித்தெடுப்பது இவ்வளவுதான்:

```cpp
uint32_t d = read32();
bool fault = d & 0x10000;
float hot  = ((int16_t)(d >> 16) >> 2) * 0.25;
float cold = ((int16_t)(d & 0xFFFF) >> 4) * 0.0625;
```

`cold` என்ற எண்ணைப் பலர் படிப்பதே இல்லை. நான் அதைத் திரையில் `hot` க்குப் பக்கத்திலேயே காட்டுகிறேன். கோளாறு வரும்போது முதலில் பேசுவது அந்த எண்தான்.

28 டிகிரி எங்கே போனது

பெட்டியைச் செய்து முடித்தவுடன் நான் சோதிக்காமல் இல்லை. குளிர்காப்புக் குடுவையில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளியை நிரப்பும் அளவு மட்டும் நீர் ஊற்றி, முனையை உள்ளே விட்டேன். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டியது. கொதிநீரில் 100 ஐ ஒட்டிக் காட்டியது. ஐஸ் வாங்கிய காப்பிக்கடை அண்ணன், தே பெங் இல்லாமல் வெறும் ஐஸ் எதற்கு என்று கேட்டதுதான் அன்றைய ஒரே சிக்கல்.

பிழை கம்பியில் இருந்தது. சூளையோடு வந்த தெர்மோகப்பிள் சூளைச் சுவரில் உள்ள ஒரு பீங்கான் இணைப்புக் கட்டையில் முடிந்துவிடும். என் பெட்டி இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் இருந்தது. இடைவெளிக்கு, மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த சாதாரண செப்புக்கம்பியை இழுத்துவிட்டேன். கம்பி கம்பிதானே என்ற நினைப்பு.

சூளை 1000 டிகிரியில் நிற்கும்போது சுவரிலுள்ள இணைப்புக் கட்டை 60 டிகிரியில் இருந்தது. பிறகு அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பார்த்தேன். பெட்டிக்குள் சிப் காட்டியது 32 டிகிரி. இப்போது படியேறியவரின் கதையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். குரோமெலும் அலுமெலும் எண்ணியது 60 இலிருந்து 1000 வரை மட்டும். 32 இலிருந்து 60 வரையுள்ள ஏற்றம் செப்புக்கம்பிகளின் மேல் நடந்தது. இரண்டு கம்பியும் செம்பு என்பதால் இரண்டிலும் ஒரே அளவு மின்னழுத்தம் சேர்ந்து, வேறுபாடு பூஜ்யமானது. அந்த 28 படிகளை யாரும் எண்ணவில்லை.

எண்களாகப் பார்ப்போம். அட்டவணையில் 1000 டிகிரிக்கு 41.276 மில்லிவோல்ட், 60 டிகிரிக்கு 2.436. சிப்புக்குப் போய்ச் சேர்ந்தது 38.840. சிப் இதை டிகிரிக்கு மாற்றி, தனக்குத் தெரிந்த 32 ஐச் சேர்த்து, 973 என்றது. சூளை உண்மையில் 1000 இல் இருக்கும்போது பெட்டி 973 ஐப் பார்த்து "இன்னும் வேண்டும்" என்று மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தது. பெட்டியில் 1000 தெரிந்தபோது சூளை 1028 ஐ ஒட்டி இருந்தது. 05 கூம்பு தலைசாய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

ஐஸ் சோதனையும் கொதிநீர்ச் சோதனையும் இதை ஏன் காட்டவில்லை? அப்போது சூளை குளிர்ந்திருந்தது. இணைப்புக் கட்டையும் பெட்டியும் ஒரே அறை வெப்பத்தில் இருந்ததால் செப்புக்கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே எண்ணத் தவறுவதற்கு ஏற்றமே இல்லை. சூளை சூடாகச் சூடாக மட்டுமே பிறக்கும் பிழை இது. அதனால்தான் மேசையில் தேறிய பெட்டி சூளையில் தோற்றது.

எந்தக் கம்பி, எந்த நிறம்

இதற்கு மருந்து, தெர்மோகப்பிளின் அதே உலோகங்களால் ஆன நீட்டிப்புக் கம்பியைத் திருகு முனை வரை கொண்டுவருவது. கே வகைக்கென்று கேட்டு வாங்க வேண்டும். வேறு உலோகத்தில் செய்து, அறை வெப்பத்தை ஒட்டிய எல்லைக்குள் மட்டும் கே வகைபோல நடந்துகொள்ளும் மலிவான ஈட்டுக் கம்பிகளும் உண்டு. சூளைச் சுவரில் சூடாகும் கட்டையோடு சேர்ப்பதற்கு நான் நீட்டிப்புக் கம்பியையே வாங்குவேன்.

வாங்கிவிட்டால் அடுத்த தொல்லை நிறம். சர்வதேசத் தரத்தில் கே வகையின் நேர்க்கம்பி பச்சை, எதிர்க்கம்பி வெள்ளை. அமெரிக்க முறையில் நேர்க்கம்பி மஞ்சள், எதிர்க்கம்பி சிவப்பு. மலிவாக இறக்குமதியாகும் பல தெர்மோகப்பிள்களில் சிவப்பு நேர், நீலம் அல்லது கறுப்பு எதிர். ஒரே சிவப்பு ஓரிடத்தில் நேர், இன்னோரிடத்தில் எதிர்! சிங்கப்பூர் போன்ற துறைமுக ஊரில் மூன்று வகையும் ஒரே இழுப்பறையில் வந்து சேரும். நிறத்தை நம்பாமல் ஒரு சிறு காந்தத்தை எடுங்கள். அலுமெல் காந்தத்தில் ஒட்டும், குரோமெல் ஒட்டாது. ஒட்டும் கம்பி `T-` க்குப் போக வேண்டும். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

தெர்மோகப்பிளை மட்டும் தலைகீழாக மாட்டினால் உடனே தெரிந்துவிடும்: முனையைச் சூடாக்கினால் எண் இறங்கும். நீட்டிப்புக் கம்பி தலைகீழானால்தான் ஆபத்து. கட்டையில் ஒரு முறை மாறி, பெட்டியில் எண் இறங்குவதைக் கண்டு அங்கேயும் ஒரு முறை மாற்றிவிட்டால், எண் ஒழுங்காக ஏறும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் 32 முதல் 60 வரையுள்ள ஏற்றத்தைக் கம்பி இப்போது இறக்கமாக எண்ணுகிறது. பிழை 28 ஆக இராது, அதன் இருமடங்கான 56 டிகிரி ஆகும். செப்புக்கம்பியே தேவலை என்றாகிவிடும்.

சிப்புக்குத் தன் வெப்பம் மட்டுமே தெரியும்

கம்பியை மாற்றிய பிறகு இன்னொன்றைக் கவனித்தேன். இப்போது எண் ஐந்து டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதுவும் பெட்டி நெடுநேரம் இயங்கிய பிறகுதான்.

சிப் அளப்பது தன் சொந்த உடலின் வெப்பத்தை. குளிர்ச்சந்தி இருப்பதோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளியுள்ள திருகுகளில். இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்கின்றன என்பது சிப் செய்துகொள்ளும் ஊகம். பெட்டி முழுவதும் சீராக 45 டிகிரிக்குச் சூடானாலும் கவலை இல்லை. ஈடு செய்வதே அதற்காகத்தான். இரண்டுக்கும் இடையே வேறுபாடு வந்தால்தான் அது அப்படியே பிழையாகிறது.

சூளைக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் திடநிலை ரிலேவுக்கு மேலே நான் பலகையைத் திருகியிருந்தேன். இந்த வகை ரிலே ஓர் ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேலாகவே சூட்டை உமிழும். எங்கள் சூளை 11 ஆம்பியர் இழுக்கிறது என்றால் பன்னிரண்டு வாட் அளவுக்கு ஒரு சிறு அடுப்பு பெட்டிக்குள் எரிகிறது என்று பொருள். மேலெழும் சூடான காற்று சிப்பின் பக்கத்தைத் தழுவிப் போக, பெட்டியின் விளிம்போரம் இருந்த திருகுகள் குளிர்ந்திருந்தன. சிப் 47 என்று நினைத்துக் கூட்டுகிறது. திருகு 42 இல் இருக்கிறது. ஐந்து டிகிரி அங்கே முளைத்தது.

பலகையை ரிலேவுக்குக் கீழே, விசிறிக் காற்று நேரே படாத மூலைக்கு மாற்றினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடியும் காப்பிக்கடை ஐஸ். முனையை ஐஸில் வைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தியால் பெட்டிக்குள் மெதுவாகச் சூடான காற்றை விட வேண்டும். திரையில் `cold` ஏறிக்கொண்டே போகும். `hot` பூஜ்யத்தை ஒட்டி அசையாமல் நின்றால் ஈடு சரியாக நடக்கிறது. அதுவும் சேர்ந்து நகர்ந்தால் சிப்பும் திருகும் வெவ்வேறு வெப்பத்தில் இருக்கின்றன.

உச்சத்தில் வளையும் கோடு

முன்பு ஒத்திவைத்த பிழைக்கு வருவோம். MAX31855 அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஒரு டிகிரிக்கு 41.276 மைக்ரோவோல்ட் என்று நேர்க்கோடு போட்டுக்கொண்டு, வகுத்து, சிப்பின் வெப்பத்தைக் கூட்டுகிறது. அதாவது நாம் சோம்பேறித்தனம் என்று சொன்ன அதே வழி. 1000 டிகிரியில் இது கிட்டத்தட்டப் பொருந்தும். குளிர்ச்சந்தி 32 இல் இருந்தால் 1001 என்று காட்டும். 250 இல் மூன்று டிகிரி குறைவாகவும், 700 இல் ஆறேழு டிகிரி கூடுதலாகவும் இருக்கும். ரொட்டி சுடும் அடுப்புக்கு இது பொருட்டே அல்ல.

கல்பீங்கான் சுடும் 1200 டிகிரியில் கதை வேறு. அங்கே அட்டவணை 48.838 மில்லிவோல்ட் என்கிறது. குளிர்ச்சந்தியின் 1.285 ஐக் கழித்தால் சிப்புக்குக் கிடைப்பது 47.553. அதை 0.041276 ஆல் வகுத்து 32 ஐக் கூட்டினால் 1184. பதினாறு டிகிரி குறைவு. மீண்டும் கூம்பு வேறு கதை சொல்லும்.

சிப் செய்த கணக்கைப் பின்னோக்கிச் செய்து மின்னழுத்தத்தை மீட்டுக்கொள்ளலாம். `cold` தனியே கிடைப்பதால்தான் இது முடிகிறது:

```cpp
float mV = (hot - cold) * 0.041276;
mV += tableK_mV(cold);
float real = tableK_C(mV);
```

நடுவரிதான் முறையான குளிர்ச்சந்தி ஈடு. `tableK_mV` வெப்பத்துக்குரிய மில்லிவோல்ட்டையும், `tableK_C` மில்லிவோல்ட்டுக்குரிய வெப்பத்தையும் தர வேண்டும். கே வகை அட்டவணையை 10 டிகிரிக்கு ஒரு எண்ணாக நிரலில் எழுதிவைத்து, இடைப்பட்டதை விகிதத்தால் கணக்கிட்டால் போதும். இந்த வேலையே வேண்டாம் என்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து MAX31856 வாங்கலாம். அது உள்ளுக்குள்ளேயே அட்டவணைப்படி திருத்திக்கொள்ளும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் வடிகட்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எத்தனை துல்லியமாகக் கணக்கிட்டாலும் இந்தச் சிப்பின் உத்தரவாதம் 700 டிகிரி வரை கூட்டியோ குறைத்தோ இரண்டு டிகிரி, அதற்கு மேல் நான்கு டிகிரி. தெர்மோகப்பிளின் சொந்தப் பிழை தனி. 1200 டிகிரியில் அடிக்கடி நின்ற கே வகைக் கம்பி கருகி மெலிந்து, காலப்போக்கில் விலகும். அக்கா கூம்புகளை விடாததற்கு நான் இப்போது முகம் சுளிப்பதில்லை.

பிழைக் கொடி சொல்லாத ஒன்று

கம்பி அறுந்தால் சிப் பிழைக் கொடியை உயர்த்தும். உலோக உறையோடு முனை ஒட்டியிருக்கும் வகைத் தெர்மோகப்பிள் புவித்தொடர்பைத் தொட்டாலும் உயர்த்தும். MAX31855 க்கு உறையிலிருந்து தனித்திருக்கும் முனை உள்ளதையே வாங்க வேண்டும். கொடி உயர்ந்தால் நிரல் முதலில் சூளையை அணைக்க வேண்டும், செய்தி காட்டுவது பிறகு.

ஆனால் இரண்டு கம்பிகளும் வழியில் எங்கோ காப்புறை உருகி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் கொடி உயராது. தொட்ட இடமே புதிய முனையாகிவிடும். சூளை 900 இல் கொதிக்க, பெட்டி கம்பி தொட்ட இடத்தின் 50 டிகிரியைக் காட்டி, முழு மின்சாரத்தையும் விடாமல் ஊட்டும். இதை மின்னழுத்தத்தால் கண்டுபிடிக்க வழியில்லை. நடத்தையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் நிரலில், முழு மின்சாரம் ஐந்து நிமிடம் போயும் எண் ஐந்து டிகிரிகூட ஏறவில்லை என்றால் சூளை அணைந்துவிடும். ரிலே உருகி மூடியபடியே நின்றுவிட்டால் நிரலாலும் அணைக்க முடியாது என்பதால், அதற்கு முன்னால் தனியாக ஒரு தொடர்பி வைத்தேன். 230 வோல்ட் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்தேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு இரண்டாம் தொகுதியை ஏற்றினோம். அக்கா வழக்கம்போல 06, 05 இரண்டையும் நடுத்தட்டில் நிறுத்தினார். உச்சத்தில் திரை 1000 என்றது, `cold` 36 என்றது, சுவர்க் கட்டை 61 இல் இருந்தது. காலையில் மூடியைத் திறந்தபோது 06 தலைகுனிந்திருந்தது. 05 நிமிர்ந்து நின்றது.